நாள் முடிவில் கல்லாப் பணம் குறைந்தாலும் கூடினாலும்: ரொக்கக் குறைவு-மிகுதிக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைக் கடை, மருந்துக் கடை, துணிக்கடை எனச் சில கடைகளுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். கடையை மூடும் நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைப் பற்றியவை: எண்ணிய பணமும் கணினி காட்டும் பணமும் ஒத்துப்போகவில்லை, என்ன செய்வது? அப்படிக் கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் இரண்டு கவுண்டர்கள் உள்ள ஒரு மளிகை அங்காடியை ஒட்டியவை.

கல்லாவில் இவ்வளவு இருக்கணும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இன்றைய விற்பனைதானே இருக்கணும்?

இன்றைய விற்பனை முழுவதும் கல்லாவில் இருக்காது. காலையில் சில்லறைக்காக வைத்த தொகையுடன் ரொக்கமாக வந்த விற்பனையைக் கூட்ட வேண்டும். பின்னர், திரும்ப வந்த பொருளுக்குக் கொடுத்த பணம், கல்லாவிலிருந்து செய்த கைச்செலவு, இடையில் பெட்டகத்துக்கு எடுத்துச் சென்ற பணம் ஆகிய மூன்றையும் கழிக்க வேண்டும். மீதி நிற்பதுதான் இருக்க வேண்டிய தொகை.

இரண்டாவது கவுண்டரின் ஒரு நாள் கணக்கைப் பார்ப்போம். மொத்த பில் தொகை 48,760 ரூபாய். அதில் யூ.பி.ஐ. வழியாக 21,340 ரூபாயும் கார்டில் 6,180 ரூபாயும் வந்தன என்று பில்லிங் மென்பொருள் காட்டியது. ஆகவே ரொக்க விற்பனை 21,240 ரூபாய். காலையில் வைத்த சில்லறை 3,000 ரூபாய். திரும்ப வந்த ஒரு எண்ணெய் டின்னுக்குக் கொடுத்தது 420, ஆட்டோ கூலியும் தேநீரும் சேர்த்து 350, மதியம் பெட்டகத்துக்குப் போனது 10,000. கூட்டிக் கழித்தால் கல்லாவில் 13,470 ரூபாய் இருக்க வேண்டும்.

காசாளர் எண்ணியதில் 500 ரூபாய்த் தாள் 16, இருநூறு 9, நூறு 22, ஐம்பது 11, இருபது 13, பத்து 21, நாணயங்கள் 80 ரூபாய் என மொத்தம் 13,100 ரூபாய் இருந்தது. 370 ரூபாய் துண்டு விழுந்தது. அடுத்து வரும் பதில்களில் இந்த 370 ரூபாயைத்தான் பின்தொடரப் போகிறோம்.

கணினியில் தொகையைப் பார்த்துவிட்டு எண்ணலாமா, எண்ணிவிட்டுப் பார்க்கலாமா? ரெண்டும் ஒன்றுதானே?

இரண்டும் ஒன்றல்ல. காசாளர் முதலில் எண்ணி, எந்தத் தாள் எத்தனை என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் இருக்க வேண்டிய தொகையைப் பார்க்க வேண்டும். 13,470 என்ற எண்ணை முன்கூட்டியே அறிந்தவர், எண்ணிக்கை அதை நெருங்கும் வரை திரும்பத் திரும்ப எண்ணுவார். நெருங்கிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார். இதற்கு அவர் நேர்மையற்றவராக இருக்க வேண்டியதில்லை, களைத்திருந்தாலே போதும். இரவு பத்து மணிக்குக் கல்லா எண்ணியவர்களுக்கு இது தெரியும்.

நாள் முடிவு அறிக்கையைக் காசாளர் பார்க்க முடியாதபடி அனுமதியை மாற்றும் வசதி பல பில்லிங் மென்பொருள்களில் உண்டு. அது இல்லாவிட்டால், அறிக்கையை எடுக்கும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

துண்டு விழுந்தால் எங்கிருந்து தேடணும்? ஒவ்வொரு பில்லா பார்க்க முடியுமா?

எல்லாப் பில்களையும் புரட்டுவது கடைசி வேலை. முதலில் வேறொருவர் எண்ண வேண்டும். தாள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதும், ஐம்பது ரூபாய்க் கட்டுக்குள் இருபது புகுந்திருப்பதும் இதில் வெளிப்படும். அடுத்து, மூன்று கழிவுகளுக்கும் சீட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லாவிலிருந்து பணம் போய்ச் சீட்டு எழுதாமல் விட்டிருந்தால் அது குறைவாகத்தான் தெரியும்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது பணம் வந்த வழி. இன்றைய கடைகளில் பெரும்பாலான வேறுபாடுகள் இங்கேதான் பிடிபடுகின்றன என்பது என் அனுபவம். எடுத்துக்காட்டில் இரண்டாவது கவுண்டரின் க்யூ.ஆர். கணக்கில் அன்று உண்மையில் வந்தது 21,660 ரூபாய். பில்லிங் காட்டியதோ 21,340. வித்தியாசம் 320. ரொக்கம் என்று போடப்பட்ட 320 ரூபாய் பில் ஒன்றைத் தேடியதில் மாலை 6.40-க்குப் போட்ட பில் கிடைத்தது, க்யூ.ஆர். கணக்கில் 6.41-க்கு 320 ரூபாய் வந்திருந்தது. வாடிக்கையாளர் முதலில் 500 ரூபாய்த் தாளை நீட்டியிருக்கிறார். காசாளர் சில்லறை இல்லை என்றதும் கைபேசியில் செலுத்திவிட்டார். அதற்குள் காசாளர் ரொக்கப் பொத்தானை அழுத்திவிட்டார். அந்த ஒரு பில்லில் பணம் வந்த வழியைத் திருத்தினால், இருக்க வேண்டிய தொகை 13,150 ஆகிவிடும். மீதம் 50 ரூபாய்தான் காரணம் தெரியாத குறைவு. ஒவ்வொரு கவுண்டருக்கும் தனித்தனி க்யூ.ஆர். இருந்ததால்தான் இதைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்க முடிந்தது.

கையால் உள்ளிடும் தொகைகளுக்கு ஒரு பழைய சோதனையும் உண்டு. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 740 என்பதை 470 என்று எழுதினால் வித்தியாசம் 270. வித்தியாசம் இரட்டைப்படையாக இருந்தால், அதில் பாதித் தொகைக்கு ஒரு சீட்டு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தால் பிழை இரட்டிப்பாகும். இவை துப்பு தருபவை மட்டுமே. எதற்கும் ஆதாரமாகா.

தேடியும் கிடைக்காத 50 ரூபாயைக் கணக்கில் எப்படி எழுதுவது?

விற்பனையைத் தொடக்கூடாது. பில் போட்ட விற்பனை அப்படியே நிற்க வேண்டும், குறைந்தது ரொக்கம்தான். எனவே ரொக்கக் குறைவு-மிகுதிக் கணக்கில் 50 ரூபாய் பற்று, ரொக்கக் கணக்கில் 50 ரூபாய் வரவு. கூடுதலாக இருந்தால் இதற்கு நேர்மாறு: ரொக்கம் பற்று, குறைவு-மிகுதிக் கணக்கு வரவு.

டேலியில் எழுதுபவர்கள் இந்தப் பேரேட்டை `Indirect Expenses` பிரிவின் கீழ்த் திறந்துகொண்டு, குறைவுக்கு `F5` பேமெண்ட் வவுச்சரையும் மிகுதிக்கு `F6` ரிசீட் வவுச்சரையும் பயன்படுத்தலாம். விவரக் குறிப்பில் கவுண்டர் எண், பணி நேரம், காசாளர், எதையெல்லாம் தேடிப் பார்த்தீர்கள் என்பதை இரண்டு வரியில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு 50 என்ற எண் எதையும் சொல்லாது. அந்த இரண்டு வரிதான் சொல்லும்.

பதிவு சரியா என்று இப்படிப் பார்க்கலாம். திருத்திய ரொக்க விற்பனை 20,920. அதிலிருந்து 420, 350, 50 ஆகியவற்றைக் கழித்தால் 20,100. மதியம் பெட்டகத்துக்குப் போனது 10,000. இரவில் 3,000 ரூபாய்ச் சில்லறையை மறுநாளுக்கு வைத்துவிட்டு எடுத்தது 10,100. இரண்டும் சேர்ந்து 20,100. வங்கிக்குப் போக வேண்டிய தொகையும் இதுவே. இந்த 50 ரூபாயை எழுதாமல் விட்டால், மறுநாள் காலை ரொக்கப் புத்தகத்தின் தொடக்க இருப்பு கையிலுள்ள பணத்தைவிட 50 ரூபாய் அதிகமாக நிற்கும். அந்தப் பிழை மறுநாள் காசாளரின் தலையில் விழும்.

பத்து ரூபாய், இருபது ரூபாய்க்கெல்லாமா பதிவு எழுதணும்?

எழுதத்தான் வேண்டும். தேடும் நேரத்துக்கு வரம்பு வைக்கலாம், பதிவுக்கு வைக்கக்கூடாது. 100 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இருபது நிமிடம் தேடு, அதற்கு மேலே இருந்தால் காரணம் தெரியும் வரை அல்லது முதலாளி போதும் என்று சொல்லும் வரை தேடு என்பது நான் சில கடைகளில் வைத்திருக்கும் வழக்கம். உங்கள் கடையின் விற்பனைக்கு ஏற்ப இந்த வரம்பை மாற்றிக்கொள்ளலாம்.

பணம் கூடுதலாக இருந்தால் கடைக்கு லாபம்தானே, அதை ஏன் தேடணும்?

கூடுதல் பணம் யாரோ ஒருவருடைய பணம். வாடிக்கையாளருக்குச் சில்லறை குறைத்துக் கொடுத்திருக்கலாம், திரும்ப வந்த பொருளுக்குக் கணினியில் பதிந்துவிட்டுப் பணத்தைக் கொடுக்காமல் விட்டிருக்கலாம், யூ.பி.ஐ. என்று பதிந்த பில்லுக்கு உண்மையில் ரொக்கம் வந்திருக்கலாம். இவையெல்லாம் பிழைகள். இவற்றைவிடக் கவலைப்பட வேண்டியது, பில் போடாமல் பொருள் விற்றிருப்பது. அன்று மாலை எடுத்துக்கொள்ள நினைத்த பணத்தை எடுக்க வாய்ப்புக் கிடைக்காமல் போனால், அது கல்லாவில் மிகுதியாகத்தான் தெரியும். அதனால் 300 ரூபாய் குறைவைவிட 300 ரூபாய் மிகுதிக்கு நான் அதிக நேரம் செலவிடுவேன்.

யாருடைய பணம் என்று ஓரளவு தெரிந்தால், குறைவு-மிகுதிக் கணக்கில் போடக்கூடாது. 'அந்த அம்மா 500 கொடுத்தார், மீதி 180-ஐ வாங்காமல் போய்விட்டார்' என்று காசாளர் சொன்னால், 180 ரூபாயை அனாமத்துக் கணக்கில் வரவு வைத்து, பில் எண்ணைக் குறித்து, உறையில் போட்டு வைக்க வேண்டும். அவர் வந்து கேட்டால் அனாமத்தில் பற்று எழுதிக் கொடுத்துவிடலாம். யாருடையது என்று தெரியாத மிகுதி மட்டுமே அன்றே குறைவு-மிகுதிக் கணக்குக்குப் போக வேண்டும்.

நேற்று 200 குறைவு, இன்றைக்கு 200 கூடுதல். ரெண்டையும் கழித்துவிட்டால் பதிவே வேண்டாமே?

இரண்டையும் அந்தந்த நாளிலேயே, முழுத் தொகையாகவே எழுத வேண்டும். நேற்றும் இன்றும் ஒரே தொகை என்பதே நல்ல துப்பு. நேற்று இரவு சில்லறைத் தொகையை எண்ணி வைத்ததில் 200 ரூபாய் அதிகமாகப் போயிருக்கலாம். அப்படியானால் பணம் எங்கும் போகவில்லை, எண்ணிக்கைதான் பிழை. அது உறுதியானதும் முதல் நாள் பதிவைச் சுட்டிக்காட்டி இரண்டாவது பதிவின் குறிப்பில் காரணத்தை எழுதினால் போதும்.

காரணம் தெரியாமல் கழித்துவிட்டால் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் ஒன்றையொன்று மறைத்துவிடும். இரண்டு கவுண்டர்களை ஒன்றாகக் கூட்டிக் கழிப்பதும் இதே தவறுதான். முதல் கவுண்டரில் 450 குறைவும் இரண்டாவதில் 430 மிகுதியும் இருந்தால், கடைக்கு 20 ரூபாய் மட்டுமே குறைவு என்று எழுதுவது கணக்கை அழிப்பதற்குச் சமம்.

சில்லறை இல்லாமல் சாக்லேட் கொடுக்கிறோம். மாதக் கடைசியில் கல்லா எப்பவும் கூடுதலாகவே இருக்கு. அது சரிதானா?

கூடுதலுக்குக் காரணம் அந்தச் சாக்லேட்தான். இரண்டு ரூபாய் மீதிக்குப் பதிலாகச் சாக்லேட் கொடுத்தால் இரண்டு ரூபாய் கல்லாவிலேயே தங்கிவிடுகிறது. பொருள் இருப்பில் அந்தச் சாக்லேட் குறைகிறது. கல்லா மிகுதியும் சரக்குக் குறைவும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். வாடிக்கையாளர் சம்மதித்தால் அதைப் பில்லில் ஏற்றி விற்பனையாகக் காட்ட வேண்டும். சம்மதிக்காதவருக்குச் சில்லறை கொடுத்தே ஆக வேண்டும்.

பைசாவை ரூபாய்க்குச் சரிப்படுத்தும்போது வரும் வித்தியாசம் வேறு. அதைப் பில்லிங் மென்பொருளே ரவுண்ட் ஆஃப் என்ற தனிப் பேரேட்டில் எழுதிவிடும். அது பில்லிலேயே தெரிவது, காரணமும் தெரிந்தது. அதைக் குறைவு-மிகுதிக் கணக்கோடு கலந்தால், தினமும் சேரும் சில்லறைத் தொகைகளுக்கு நடுவே உண்மையான வேறுபாடு கண்ணில் படாது.

குறைந்த பணத்தை விற்பனையில் கழித்துவிட்டு ஜி.எஸ்.டி. கட்டலாமா? கூடுதலுக்கு வரி உண்டா?

கழிக்க முடியாது. வரி, விற்ற பொருளின் மதிப்பின்மேல் விதிக்கப்படுவது. விற்ற பிறகு கல்லாவில் பணம் குறைந்ததால் அந்த மதிப்பு குறைவதில்லை. விற்பனையைத் தொடக்கூடாது என்று மேலே பதிவு பற்றிச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பொருள் களவு போனால் அதற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும் என்ற விதி சரக்குக்கு உரியது. ரொக்கம் குறைந்ததற்கு அப்படித் திருப்ப ஏதுமில்லை.

மிகுதியைப் பொறுத்தவரை, அது பில் போடாத விற்பனையிலிருந்து வந்தது என்று சரக்கு எண்ணிக்கையில் தெரியவந்தால், அதை விற்பனையாகவே எழுதி வரியும் கட்ட வேண்டும். அப்படி எந்தத் தொடர்பும் தெரியாத மிகுதி, எந்தப் பொருளுக்கும் ஈடாக வந்தது என்று காட்ட முடியாதது; ஆகவே குறைவு-மிகுதிக் கணக்கிலேயே நிற்கும்.

குறைந்ததைக் காசாளர் சம்பளத்தில் பிடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

சட்டப்படி நினைத்தவுடன் பிடித்துவிட முடியாது. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதில் ஒரே வழியில் செல்கின்றன: பண இழப்பு ஊழியரின் கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக ஏற்பட்டிருக்க வேண்டும், அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், பிடிக்கும் தொகை இழப்பைத் தாண்டக்கூடாது, பிடித்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரே கல்லாவில் மூன்று பேர் பணம் வாங்கும் கடையில், இழப்புக்கு யார் பொறுப்பு என்று எப்படிச் சொல்வீர்கள்? முதலில் ஒரு பணிநேரத்துக்கு ஒரு கல்லா, ஒரு கல்லாவுக்கு ஒருவர் என்று மாற்றுங்கள்.

முறைப்படி பிடிக்க முடிவானால், முதல் நாள் எழுதிய குறைவுப் பதிவை அழிக்காமல், ஊழியரிடமிருந்து வர வேண்டிய தொகை என்ற கணக்கில் பற்றும் குறைவு-மிகுதிக் கணக்கில் வரவும் எழுத வேண்டும். ஆனால் சிறு தொகைகளைப் பிடிப்பதை நான் ஆதரிப்பதில்லை. எழுபது ரூபாய்க்காகச் சம்பளத்தில் கை வைத்த கடையில் என்ன நடந்தது என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

ஒரு காசாளருக்கு மூன்று மாதமாக ஒரு ரூபாய்கூட வித்தியாசம் வரவில்லை. பாராட்ட வேண்டியதுதானே?

பாராட்டும் முன் ஒருமுறை, சொல்லாமல், நண்பகலில் கல்லாவை எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு இருநூறு பேரிடம் ரொக்கம் வாங்கிச் சில்லறை கொடுப்பவருக்கு அவ்வப்போது ஐந்தோ பத்தோ முன்பின் வருவதுதான் இயல்பு. அது சில நாள் குறைவாகவும் சில நாள் மிகுதியாகவும் வரும். எப்போதும் பூச்சியம் வந்தால், யாரோ சரிக்கட்டுகிறார்கள் என்றே பொருள்.

நான் மேலே சொன்ன கடையில் அப்படித்தான் நடந்தது. பில் தாள் சுருள்கள் வைத்த அட்டைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு காபித்தூள் டப்பா இருந்தது. அதற்குள் நாணயங்களும் பத்து ரூபாய்த் தாள்களுமாக 460 ரூபாய். மிகுதி வந்த நாளில் அந்தக் கவுண்டரின் காசாளரான பெண் அதில் போட்டுவைப்பார். குறைந்த நாளில் அதிலிருந்து எடுத்துச் சரிசெய்வார். ஒரு ரூபாயும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம் மட்டுமே காரணம். சிறு தொகையைப் பிடிப்பதில்லை என்று முதலாளி சொன்ன பிறகு, அந்தக் கவுண்டரின் கணக்கில் இயல்பான வேறுபாடுகள் வரத் தொடங்கின. இரண்டாவது மாதத்திலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குறைவு வருகிறது என்பது தெரிந்தது. அன்று உதவிக்கு வரும் பையன், கைச்செலவுக்குச் சீட்டு எழுதும் வழக்கத்தையே அறியாதவன். டப்பா இருந்தவரை இது யாருக்கும் தெரியாமலே இருந்தது.

கல்லா சரியாகத்தான் இருந்தது. மறுநாள் வங்கியில் ஒரு 500 ரூபாய் கள்ளநோட்டு என்று எடுத்துவிட்டார்கள். இதுவும் இதே கணக்கா?

கள்ளநோட்டை வங்கி திருப்பித் தராது, அதற்கு ஈடாகப் பணமும் தராது. முத்திரையிட்டுப் பறிமுதல் செய்து ஒப்புகைச் சீட்டுக் கொடுக்கும். அந்தச் சீட்டே உங்கள் பதிவுக்கு ஆதாரம். காரணம் தெரிந்த இழப்பு என்பதால், கள்ளநோட்டு இழப்பு என்று தனிப் பேரேட்டில், வங்கி பறிமுதல் செய்த நாளிலேயே எழுதுவது நல்லது. முந்தைய நாளின் கல்லாக் கணக்கைத் திருத்த வேண்டாம். அன்று எண்ணிக்கை சரியாகவே இருந்தது. கல்லாவிலேயே நோட்டு சந்தேகமாகத் தெரிந்தால், அதை அடுத்த வாடிக்கையாளருக்குச் சில்லறையாகத் தள்ளிவிடுவது குற்றம்.

ஊழியர் எடுத்தது கேமராவில் தெரிந்துவிட்டது. ஏற்கெனவே குறைவுக் கணக்கில் எழுதிய பழைய தொகைகளை என்ன செய்வது?

நிரூபிக்கப்பட்ட தொகையை மட்டும் குறைவு-மிகுதிக் கணக்கிலிருந்து வரவு எழுதி எடுத்து, கையாடல் இழப்பு என்ற தனிக் கணக்குக்கு மாற்ற வேண்டும். திருப்பித் தர ஒப்புக்கொண்டால் அவரிடமிருந்து வர வேண்டிய தொகைக்கு மாற்ற வேண்டும். நிரூபிக்க முடியாத மற்ற நாள்களின் குறைவையெல்லாம் அவர் தலையில் கட்டி மாற்றுவது தவறு. அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

வருமான வரியில், ஊழியரின் கையாடலால் வந்த இழப்பு தொழிலோடு ஒட்டியதாக இருந்தால் கழித்துக்கொள்ளலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1958-இல் பத்ரிதாஸ் டாகா வழக்கில் ஏற்றது. அது கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டின் இழப்பாகக் கருதப்படும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 1965-இல் சுற்றறிக்கை வெளியிட்டது. எனவே கண்டுபிடித்த தேதியும் ஆதாரமும் கோப்பில் இருக்க வேண்டும்.

வருடக் கடைசியில் இந்தக் கணக்கில் மீதி வெறும் 140 ரூபாய் பற்று. ஆடிட்டர் ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறார்?

அவர் மீதியைப் பார்க்கவில்லை, நடுவில் நடந்ததைப் பார்க்கிறார். ஆண்டு முழுவதும் 9,860 ரூபாய் குறைவும் 9,720 ரூபாய் மிகுதியும் எழுதியிருந்தாலும் மீதி 140தான். 300 ரூபாய் குறைவும் 160 ரூபாய் மிகுதியும் எழுதியிருந்தாலும் அதே 140தான். மீதி பற்றாக இருந்தால் லாப நட்டக் கணக்கில் சில்லறைச் செலவாகவும், வரவாக இருந்தால் பிற வருமானமாகவும் போகும். அது ஒரு வரி வேலை.

ஆடிட்டரிடம் கொடுக்க, கவுண்டர் வாரியாகவும் காசாளர் வாரியாகவும் குறைவை ஒரு பத்தியிலும் மிகுதியை மறு பத்தியிலும் மாதந்தோறும் எழுதிய ஒரு தாள் போதும். அதில் ஒரு காசாளரின் பெயருக்கு நேரே ஒரே பக்கமாகத் தொகை ஏறிக்கொண்டிருந்தால், ஆடிட்டர் கேட்கும் முன்பே நீங்கள் அந்தக் காசாளருடன் உட்கார்ந்து ஒரு வாரச் சீட்டுகளைப் பார்த்திருக்க வேண்டும்.